வெப்சைட் கடிதமும் சிவப்பு டிக்கும்

கம்பம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, திராட்சைத் தோட்டம் ஒன்றை ஒட்டி இருந்த அந்த மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் என்றால் தங்கபாண்டி சார்தான். கீபோர்டில் ஒரு எழுத்து அமுங்காவிட்டாலும் அவர்தான் வர வேண்டும். ஆபீஸ் பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டாலும் அவர்தான் வர வேண்டும். தாளாளர் வீட்டு டி.வி.யில் படம் தெரியாவிட்டால்கூட, பாவம், அவருக்குத்தான் ஆள் வரும். கம்ப்யூட்டருக்கும் டி.வி.க்கும் என்னய்யா சம்பந்தம் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க மனசும் இல்லை. 'தங்கபாண்டி இல்லேன்னா இங்கன ஒரு வேலையும் ஓடாது' என்று நாலு பேர் சொல்லக் கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இந்தச் சுகம்தான் மிச்சம்.

அந்தச் சுகத்தில்தான் 2006 நவம்பரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மண்ணை அள்ளிப் போட்டாள்.

பிரின்சிபால் அருளப்பன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நாலு பக்கக் கடிதம் ஒன்றை நீட்டினார். முகமெல்லாம் பல்.

"தங்கபாண்டி, இதப் பாத்தீகளா? நம்ம அனிதா மேரி எழுதிக் குடுத்திருக்கு. நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெப்சைட் போடணுமாம். என்னென்ன இருக்கணும், எவ்வளவு செலவாகும், அப்பறம் வருசா வருசம் யாரு பாத்துக்கிறது, அம்புட்டும் எழுதியிருக்கு. நான் ரெண்டு தடவ படிச்சிட்டேன். தாளாளர் ஒரு தடவ படிச்சிட்டாக. 'அடேயப்பா'ன்னாக!"

தாளாளர் 'அடேயப்பா' என்றாராம். தங்கபாண்டிக்கு அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது.

ஏன் சுருக்கென்றது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வெப்சைட் பேச்சை எடுத்தவர் தங்கபாண்டி. தாளாளர் விஜயபாண்டிக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம், மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் வியாபாரம். அவர் ஏலக்காய் மாதிரிகளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தங்கபாண்டி போய் நின்றார். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "சார், ஒரு வெப்சைட் போட்டா நல்லாருக்கும் சார், உலகமே பாக்கும் சார்" என்றார். "உலகம் பாத்து என்னய்யா செய்யப்போகுது, அது வந்து பீஸ் கட்டுமா?" என்று கேட்டுவிட்டு விஜயபாண்டி மறுபடி ஏலக்காயை முகர்ந்தார். அத்தோடு முடிந்தது. செலவு எவ்வளவு என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் தங்கபாண்டியிடம் பதில் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். அதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

"உங்க மாணவிதானய்யா! பெருமையா இல்ல?" என்று கேட்டார் அருளப்பன்.

"ரொம்பப் பெருமை சார்" என்றார் தங்கபாண்டி. பெருமையாம் பெருமை! காதில் புகை வராத குறைதான்.

"நீங்கதான் இதுல பெரிய ஆளு. இத வீட்டுக்குக் கொண்டுபோயி நல்லாப் படிச்சு, செய்யலாமா வேண்டாமான்னு உங்க கருத்தத் தனித்தாள்ல எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. நீங்க என்ன சொல்றீகளோ அதுதான் முடிவு."

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்த தங்கபாண்டிக்கு முதலில் வந்த யோசனை இது: அனிதா மேரியும் அனுமந்தன்பட்டி, பிரின்சிபாலும் அனுமந்தன்பட்டி. ஊர்க்காரப் பிள்ளை என்று தூக்கி வைத்து ஆடுகிறார். இது சுத்த அபாண்டம். அந்தப் பிள்ளை எந்த ஊர் என்பதே அருளப்பனுக்குப் பாதி நாள் ஞாபகம் இருக்காது. ஆனால் வயிறு எரிகிற மனுஷனுக்கு ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும்.

சாயங்காலம் வீட்டில் காப்பி ஆறிக்கொண்டிருக்க, அவர் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கையில் சிவப்புப் பேனா. அவர் மனைவி பவுனு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"பரீச்சப் பேப்பரா?"

"இல்ல. லெட்டரு."

"லெட்டருக்கு எதுக்குச் செவப்புப் பேனா?"

"தப்பு இருந்தா சுழிக்கணும்ல."

பன்னிரண்டு வருஷமாகப் பேப்பர் திருத்துகிற கை. சிவப்புப் பேனா இல்லாமல் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவரால் முழுசாகப் படிக்க முடியாது. தப்பு எங்கே, தப்பு எங்கே என்று தேடத்தான் அந்தப் பேனாவை எடுத்தார்.

முதல் எரிச்சல், கடிதம் தமிழில் இருந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை, இங்கிலீஷில் எழுதியிருந்தால் நாலு இலக்கணப் பிழையாவது கிடைத்திருக்கும். தாளாளர் யார் துணையும் இல்லாமல் தானே படிக்க வேண்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறாள். கெட்டிக்காரி.

'மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் போனது கடிதம். முதலில் வெப்சைட்டில் இருக்க வேண்டிய பக்கங்கள்: பள்ளி அறிமுகம், பாடப் பிரிவுகள், சேர்க்கைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், தேர்வு அட்டவணை, விடுமுறை அறிவிப்பு, பள்ளிக்கு வரும் டவுன் பஸ் விவரம், தொடர்பு முகவரி. அதற்குக் கீழே என்னென்ன இருக்கக் கூடாது என்று வேறு எழுதியிருந்தாள். மாணவர்களின் வீட்டு முகவரி, போன் நம்பர், மாணவிகளின் தனிப் படங்கள் போடக் கூடாது. படம் எதுவானாலும் நாற்பது கே.பி.க்கு மேல் போகக் கூடாது. போனால் போன் லைனில் திறக்கப் பல நிமிஷம் ஆகும். தங்கபாண்டி உதட்டைப் பிதுக்கினார். கை டிக் போட்டது.

செலவுக்கு வந்தார். வெப்சைட்டின் பெயரைப் பதிவு செய்ய வருஷத்துக்கு ஐந்நூற்று ஐம்பது. பக்கங்களை இன்டர்நெட்டில் வைக்க ஐம்பது எம்.பி. இடத்துக்கு வருஷ வாடகை ஆயிரத்து இருநூறு. ஸ்டுடியோவில் பழைய படங்களை ஸ்கேன் செய்ய முதல் வருஷம் மட்டும் முந்நூறு. இங்கேயாவது பிடித்துவிடலாம் என்று கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். முதல் வருஷம் இரண்டாயிரத்து ஐம்பது, அடுத்த வருஷத்திலிருந்து ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. சரியாக இருந்தது. டிக்.

நாலாவது: 'இலவசமாகவும் இடம் கிடைக்கும். ஆனால் அது நமக்கு ஆகாது. இலவச இடம் கொடுப்பவர்கள் நம் பக்கத்தின் மேல் அவர்களுடைய விளம்பரத்தைப் போடுவார்கள். எந்த விளம்பரம் எப்போது வரும் என்று நாம் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாறும். பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வாததும் வரலாம்.'

"அதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கா" என்று முனகினார். டிக்.

ஐந்தாவது பராமரிப்பு. பெயர்ப் பதிவு தனி ஆள் பெயரில் இல்லாமல் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி முதல்வர் அறைப் பீரோவில் வைக்க வேண்டும். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் நம் பெயரை வேறு யாராவது வாங்கிவிடலாம். எல்லாப் பக்கத்தையும் சி.டி.யில் நகல் எடுத்து வைக்க வேண்டும். புதன்கிழமைதோறும் ப்ளஸ் ஒன் மாணவர் இருவர் புதுச் செய்தி ஏற்ற வேண்டும்; ப்ளஸ் டூவினர் வேண்டாம், அவர்களுக்குப் பொதுத் தேர்வு. 'ஆண்டுதோறும் ஆள் மாறும் என்பதால், செய்தவர் பெயர் என்று யார் பெயரும் எங்கும் போட வேண்டாம். பள்ளியின் பெயர் மட்டும் போதும்.'

பெயர் வேண்டாமாம். பெரிய தியாகி! என்ன நடிப்பு நடிக்கிறாள் பாரு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஷயம் என்னவோ நியாயமான விஷயம். கை அங்கேயும் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்தது.

கடைசி வரியில்தான் ஆளையே சாய்த்துவிட்டாள். 'பொறுப்பாசிரியர்: தமிழாசிரியை கிருபாவதி மிஸ் அவர்கள் இருந்தால் நல்லது.'

தங்கபாண்டி அந்த வரியை மூன்று தடவை படித்தார். கிருபாவதி! மவுஸைப் பிடிக்கச் சொன்னால் பயந்து கையை இழுத்துக்கொள்கிற கிருபாவதி!

"என்னாச்சு, மூஞ்சி இப்பிடிப் போகுது?" என்றாள் பவுனு.

"லேப் என்னோடது. நெட் கனெக்ஷன் என்னோட மிஷின்ல. பொறுப்பு மட்டும் தமிழ் மிஸ்ஸுக்காம்! எனக்கு ஒரு வார்த்த சொல்லல, கேக்கல. எங்கன போயி இதெல்லாம் படிச்சாளோ?"

"எங்கன படிச்சா என்ன? படிக்கிற பிள்ள மேல போயி யாராச்சும் பொறாமைப்படுவாகளா?"

"பொறாமையா? எனக்கா?"

"இல்ல, இந்த முருங்கைக்கீரைக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கே படித்தாள் என்பது பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர். சனிக்கிழமைகளில் காசு கொடுத்து ஒரு மணி நேரம் உட்காருவாள். வேறு பள்ளிகளின் வெப்சைட்டைத் திறந்து, 'வியூ சோர்ஸ்' போட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள். பள்ளிக்கூடத்து லேபில் ஏன் உட்காரவில்லை என்று கேட்கிறீர்களா? லேபைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். செருப்பை வெளியே விட வேண்டும். வாரத்துக்கு ஒரு பீரியடு. மற்ற நேரமெல்லாம் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கும். சாவி தங்கபாண்டி சாரின் இடுப்பில். இன்டர்நெட் இருக்கிற மிஷினை மாணவர்கள் தொட்டால் தொலைந்தார்கள்.

செலவில் தப்பு இல்லை, திட்டத்தில் தப்பு இல்லை. செய்யலாம் என்று எழுதினால் அந்தப் பிள்ளை பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும். கூடாது என்று எழுதினால், ஏன் கூடாது என்று அருளப்பன் நோண்டுவார். தங்கபாண்டி பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நீல மையில் இப்படி எழுதினார்: 'வெப்சைட் அவசியம் தேவை. ஆனால் மாணவி குறிப்பிட்டுள்ள செலவு தேவையற்றது. இலவசமாகவே இடம் கிடைக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் நானே செய்து தருகிறேன். பொறுப்பையும் நானே ஏற்கிறேன்.'

இலவசம் என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டார். விஜயபாண்டியை அவருக்குத் தெரியாதா!

விளம்பரம் வருமே என்று அவர் மனசு ஒரு ஓரத்தில் முணுமுணுத்தது. வந்தால் என்ன, கேமரா விளம்பரம், விமான டிக்கெட் விளம்பரம், அதுதானே வரும், எவன் கவனிக்கப் போகிறான் என்று அதன் வாயை அடைத்தார். வெள்ளைத்தாளையும் கடிதத்தையும் ஒன்றாகப் பின் குத்தி, மறுநாள் காலையில் பிரின்சிபால் மேஜையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "இலவசமாக் கெடைக்கிறத எதுக்கய்யா காசு குடுத்து வாங்கணும்? சின்னப் பிள்ளைக்கு விவரம் பத்தல" என்றார் விஜயபாண்டி. மேல் தாளை மட்டும் படித்தார்கள். முன்பே படித்ததுதானே என்று அடியில் இருந்த கடிதத்தை யாரும் புரட்டவில்லை; நாலாவதில் என்ன இருந்தது என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது. அருளப்பன் அதை அப்படியே பைலில் போட்டு வைத்தார். ஆண்டு விழா அன்றைக்கு எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும் என்று முடிவானது.

திங்கட்கிழமை அனிதா மேரி லேப் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றாள். ஒல்லியான பிள்ளை, ரெட்டைச் சடை, பேச்சு வேகம்.

"சார், நீங்களே செய்யப் போறீகன்னு பிரின்சிபால் சார் சொன்னாக. நான் ஏதாச்சும் டைப் பண்ணித் தரட்டா சார்?"

"வேண்டாம். நான் பாத்துக்கிறேன்."

"சார்... இலவச இடத்துல விளம்பரம் வருமே சார்? நான் ஒரு ஸ்கூல் சைட்ட அப்பிடித்தான் பாத்தேன். ஒரு தடவ..."

"ஏம்மா, நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் தொட்டவன் நான். போயி சி பிளஸ் பிளஸ் படி, போ."

அவள் பிறந்த வருஷம் தொண்ணூறு. தங்கபாண்டி கம்ப்யூட்டரை முதலில் தொட்டது தொண்ணூற்று மூன்றில், மதுரையில். கோபத்தில் கணக்கு யார் பார்க்கிறார்கள்! பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது. தங்கபாண்டிக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது.

அதன் பிறகு மனுஷன் உழைத்தார், இல்லையென்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் லீவு முழுக்க லேபிலேயே கிடந்தார். தாளாளரின் படம் பெரிதாக வேண்டும் என்று உத்தரவு. ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்த படத்தைக் குறைக்காமல் அப்படியே தூக்கி முகப்பில் வைத்தார். நாற்பது கே.பி. எங்கே, இது எண்ணூறு கே.பி.! பக்கத்தின் அடியில் விட்டு விட்டு மின்னுகிற எழுத்தில் 'வடிவமைப்பு: மா. தங்கபாண்டி' என்று போட்டார். அதை எட்ட நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். விளம்பரமும் வரத்தான் செய்தது. ஒரு நாள் கேமரா, ஒரு நாள் விமான டிக்கெட். பார்த்தாயா, நான் சொன்னேனா என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

ஜனவரியில் ஆண்டு விழா. மைதானத்தில் பந்தல். தேனியிலிருந்து வாடகைக்கு வந்த புரொஜெக்டர். ஆபீசிலிருந்து மேடை வரைக்கும் டெலிபோன் வயரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று சுற்றுப்பட்டிப் பெற்றோர் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் தாளாளரின் வீட்டம்மா, பக்கத்தில் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர். அவர்தான் சிறப்பு விருந்தினர். அவர் மேடையேறி, தங்கபாண்டி காட்டிய இடத்தில் மவுஸை அமுக்கினார். கைதட்டல்.

போன் லைனில் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. மேலேயிருந்து கீழேதானே வரும்! மேலே முதலில் வந்தது விளம்பரம். கேமராவும் இல்லை, விமானமும் இல்லை. குளிக்கப் போகிற கோலத்தில் ஒரு வெள்ளைக்காரி, 'தனிமையில் இருக்கிறீர்களா?' என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு, பத்தடித் திரையில் சிரித்தபடி படுத்திருந்தாள்.

பந்தல் கப்சிப்.

அவளுக்கு நேர் கீழே பள்ளியின் பெயர் வந்தது. அதற்குக் கீழே தாளாளரின் படம் வரத் தொடங்கியது. எண்ணூறு கே.பி. ஆயிற்றே, லேசில் வருமா! முதலில் தலைமுடி. அப்புறம் நெற்றி. நெற்றியில் திருநீறு. அப்புறம் ஒவ்வொரு கோடாகப் புருவம், கண். அண்ணாந்து அந்த வெள்ளைக்காரியையே பார்க்கிற மாதிரி இரண்டு கண்கள் வந்து நின்றுவிட்டன. பின்வரிசையில் எவனோ ஒருவன் விசிலடித்தான். பந்தலே குலுங்கியது. தாளாளரின் வீட்டம்மா எழுந்து, யாரையும் பார்க்காமல் காருக்கு நடந்தார். "ஏலே, வயரப் புடுங்குங்கடா!" என்று விஜயபாண்டி போட்ட சத்தம் சுருளி அருவி வரைக்கும் கேட்டிருக்கும். வயரைப் பிடுங்கினார்கள். லைன் துண்டானதே ஒழிய, வந்த பக்கம் திரையை விட்டுப் போகவில்லை. கடைசியில் தங்கபாண்டி ஓடிப் போய்ப் புரொஜெக்டர் முகத்தில் தன் துண்டைப் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை பிரின்சிபால் அறையில் விசாரணை. விஜயபாண்டி நாற்காலியில் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார். கிருபாவதி மிஸ் ஓரமாக நின்றாள். அனிதா மேரியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார் அருளப்பன். அது ஏன் என்று தங்கபாண்டிக்குப் புரியவில்லை. அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இனி கம்ப்யூட்டர் என்றால் யார் என்பதுதான் அவர் கவலை. வேலை போய்விடுமோ என்பதுகூட அதற்கு அடுத்ததுதான்.

"ஊரே சிரிக்குது! வீட்டுல மூணு நாளா எங்கூடப் பேச்சு கெடையாது. இந்த மாதிரிப் படமெல்லாம் வரும்னு முன்னாடியே தெரியாதா வாத்தியாரே?" என்றார் விஜயபாண்டி.

"தெரியாது சார். இதெல்லாம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது சார். திடீர்னு வர்றது."

அருளப்பன் பைலைத் திறந்து, அந்த நாலு பக்கத்தை எடுத்து, அனிதா மேரியிடம் நீட்டினார். "ஏத்தா, இதுல நாலாவதா என்னமோ எழுதியிருந்தியே, தாளாளர் கேக்கிற மாதிரிப் படி."

பிள்ளை கடிதத்தை வாங்கியது. கொடுத்த நாளுக்குப் பிறகு அதை அவள் கண்ணால் பார்க்கவில்லை. 'இலவசமாகவும் இடம் கிடைக்கும்' என்று தொடங்கி, 'பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வாததும் வரலாம்' என்பது வரைக்கும் தலை நிமிராமல் படித்தாள். படித்து முடித்த இடத்தில் அவள் கண் தாளின் ஓரத்துக்குப் போனது. முகம் பளிச்சென்று மலர்ந்தது. பக்கத்தைத் திருப்பினாள், முன்னால் திருப்பினாள், பின்னால் திருப்பினாள்.

"சார்!" என்றாள், அப்படி ஒரு சந்தோஷத்தோடு. "சார் டிக் போட்டிருக்காக சார்! நாலாவதுக்கும் போட்டிருக்காக! எல்லாத்துக்குமே போட்டிருக்காக! எல்லாம் சரின்னு போட்டிருக்காக சார்!"

தங்கபாண்டி கடிதத்தை எட்டிப் பார்த்தார். எப்போது போட்டோம்? போட்ட ஞாபகமே இல்லை. ஆனால் போட்டது அவர் கைதான். வாலை நீட்டி இழுத்த அந்தச் சிவப்பு டிக்கைப் பள்ளிக்கூடத்தில் தெரியாதவர்கள் கிடையாது. எல்லார் கண்ணும் தங்கபாண்டி மேல் திரும்பியது. அதைப் பார்த்துத்தான், சார் தெரிந்தே செய்திருக்கிறார் என்று பிள்ளைக்கு மெல்ல மெல்ல விளங்கியது. சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது.

விஜயபாண்டிதான் கடைசியில் ஒரு வழி காட்டினார். வியாபாரி அல்லவா, அவருக்குத் தெரிந்த வழி அது. "அப்ப, எங்காசு ரெண்டாயிரத்த மிச்சம் பிடிக்கணும்னுதான் இலவசம்னு எழுதினீரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் தீர்ந்தது, நல்ல எண்ணத்தில் செய்த தப்பு என்று போயிருக்கும். தங்கபாண்டி வாயைத் திறந்தார். அந்தப் பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கடிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது. பரீச்சைப் பேப்பரைக் கையில் வாங்கும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"இல்ல சார்" என்றார். "எனக்குப் பொறாமை சார். நான் கேட்டப்ப நீங்க முகங்குடுத்துப் பேசல. இந்தப் பிள்ள எழுதினதும் அடேயப்பான்னீக. இந்தப் பிள்ள பேரு வந்திரக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

சொல்லிவிட்டார். விஜயபாண்டி நடையை நிறுத்திவிட்டு, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அனிதா மேரி கடிதத்தை மறுபடி விரித்து, ஐந்தாவதில் ஒரு இடத்தில் விரலை வைத்து, அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

"எம் பேரு எங்கயும் வராதே சார்? யாரு பேரும் போட வேண்டாம்னு எழுதியிருந்தேனே. அதுக்கும் நீங்க டிக் போட்டிருக்கீகளே சார்."